தயிர் சாதம்: காலையில் வெண்ணெய் மாதிரி, மதியம் களிமண் மாதிரி. எங்கே தப்பு பண்றேன்?

டப்பாக்காரி (சென்னை)

ஒரு மாசமா மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸுக்குத் தயிர் சாதம்தான் கொண்டுபோறேன். காலையில ஆறரைக்குக் கலக்கும்போது அப்படியே வெண்ணெய் மாதிரி இருக்கு. ஒன்றே கால் மணிக்கு டப்பாவைத் திறந்தா ஸ்பூன் நட்டு வெச்ச மாதிரி நிக்குது. தண்ணி ஊத்தி இளக்கினா இன்னும் மோசம். சோறு தனியா, மோர் தனியா, நடுவுல சின்னச் சின்னக் கட்டி.

நான் செய்யற முறை: பொன்னி புழுங்கலரிசி, ஒண்ணுக்கு மூணு தண்ணி, குக்கர்ல நாலு விசில். அதே சோத்துலதான் வீட்டுல எல்லாரும் குழம்புக்குச் சாப்பிடறாங்க. குக்கரைத் திறந்து வெச்சுட்டு குழம்பு, பொரியல் முடிச்சு, ஒரு இருபது நிமிஷம் கழிச்சு எனக்கு மட்டும் ஒரு கப் சோறு எடுத்துக் கரண்டியால மசிப்பேன். ஃப்ரிட்ஜ்ல இருந்து பால் கால் டம்ளர், தயிர் முக்கால் கப், உப்பு. மேல தாளிப்பு. இதுல எதை மாத்தணும்?

---

சும்மா_சுந்தர்

ரொம்ப சிம்பிள். தயிர் பத்தல. முக்கால் கப்பை ஒண்ணரை கப்பாக்குங்க. சோத்தை மிக்ஸில ஒரே ஒரு சுத்து விட்டுடுங்க, கட்டியே வராது. நான் பேச்சுலர் ரூம்ல நாலு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன்.

---

டப்பாக்காரி

தயிர் அதிகமாப் போட்டும் பார்த்தாச்சு சுந்தர். மதியம் வாயில வைக்க முடியாத புளிப்பு. பக்கத்து சீட்டுப் பொண்ணு மூக்கைச் சுளிச்சுது.

---

கரிசல்காட்டான்

புளிப்பு நல்லதுதானேம்மா. எங்க ஊர்ல ராத்திரி மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு, காலையில அதைக் கையால கரைச்சு, மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு ஒரு சட்டி குடிப்போம். வயல்ல மூணு மணி வரைக்கும் பசி எடுக்காது. புழுங்கலரிசிதான் அதுக்கு ருசி. நீங்க மண் சட்டில ஊத்தி வெச்சுப் பாருங்க. ஸ்டீல் பாத்திரத்துல அந்த வாசம் வராது.

---

டப்பாக்காரி

அண்ணா, நீங்க சொல்றது பழைய சோறு. நான் கேக்கறது தயிர் சாதம் :) மண் சட்டியைத் தூக்கிட்டு மெட்ரோல போக முடியாது.

---

பந்தி_சமையல் (கும்பகோணம்)

தங்கச்சி, நான் இருபது வருஷமா கல்யாணம், சீமந்தம்னு சமைக்கிறவன். எங்களுக்கும் இதே கஷ்டம்தான். காலையில ஏழு மணிக்குக் கலந்த தயிர் சாதம் பன்னெண்டரை பந்தியில கடைசியா போகும். அது வரைக்கும் கரண்டியில இருந்து தானா விழணும். உங்க முறையில மூணு இடம் இடிக்குது. சாவகாசமாச் சொல்றேன்.

முதல்ல அரிசி. குழம்புக்கு வடிச்ச சோத்தைத் தயிர் சாதமாக்கக் கூடாது. புழுங்கலரிசி ஒரு தடவை வெந்து காய்ஞ்சது, உதிரி உதிரியா நிக்கத்தான் அது லாயக்கு. என்ன மசிச்சாலும் மதியத்துக்குள்ள இறுகிடும். பச்சரிசி எடுங்க. பழசா இருந்தா இன்னும் நல்லது. ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணி, குக்கர்ல ரெண்டு விசில் வந்ததும் அடுப்பைக் குறைச்சு இன்னொரு பத்து நிமிஷம். விசில் எண்ணிக்கையை நம்பாதீங்க. ஒரு பருக்கையை ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பாருங்க. நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி நின்னா அது வேகல. அந்தப் புள்ளிதான் மதியம் கட்டியா நிக்குது.

ரெண்டாவது, மசிக்கிற நேரம். நீங்க இருபது நிமிஷம் ஆற விடறீங்க. அதுதான் பெரிய தப்பு. குக்கர் பிரஷர் இறங்கினதும், ஆவி பறக்கும்போதே மசிக்கணும். பருப்பு மத்து இருந்தா அது, இல்லாட்டி குழிக்கரண்டியோட பின்பக்கம். சூட்டுல பருக்கை தானா கரையும். ஆறின பிறகு மசிச்சா அது நசுங்கும், கரையாது. ரெண்டும் வேற வேற. முழுசா கூழாக்கவும் வேண்டாம். முக்கால்வாசி குழைஞ்சு, கால்வாசி பருக்கை கண்ணுக்குத் தெரியணும். சுந்தர் தம்பி சொன்ன மிக்ஸி மட்டும் வேண்டவே வேண்டாம். போஸ்டர் ஒட்டற பசைதான் வரும்.

மூணாவது, பால். இதுதான் விஷயமே. நீங்க தயிர் முக்கால், பால் கால்னு போடறீங்க. ஆறு மணி நேரம் கழிச்சுச் சாப்பிடறதுக்கு அதைத் தலைகீழாத் திருப்பணும். மசிச்ச சோறு சூடா இருக்கும்போதே, காய்ச்சின பாலைச் சூடாவே ஊத்துங்க. ஒரு டம்ளர் அரிசிக்கு ஒண்ணரை டம்ளர்ல ஆரம்பிங்க. ஊத்தினதும் பாயசம் மாதிரி தண்ணியா இருக்கும், பயப்படாதீங்க. பத்து நிமிஷத்துல சோறு இழுத்துக்கும். சூடான சோறு சூடான பாலைக் குடிக்கும். ஃப்ரிட்ஜ் பாலை ஊத்தினா சோறு அந்த இடத்துலயே விறைச்சுக்கும், பால் வெளியில நிக்கும். அப்புறம் நாள் முழுக்க மெதுவா இழுத்து, மதியம் காய்ஞ்சு போய் நிக்கும். உங்க டப்பாவுல நடக்கறது அதுதான்.

தயிர் கடைசில, உறை ஊத்தற பதத்துல. விரலை விட்டா இதமாச் சுடணும், எடுக்கணும்னு தோணக் கூடாது. அந்தச் சூட்டுக்கு வந்ததும் கெட்டித் தயிர் ரெண்டு கரண்டி, புளிக்காததா. சோறு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது தயிரைப் போட்டா திரிஞ்சு தண்ணி விட்டுடும், நாக்குல மணல் மணலாத் தட்டும். கலந்து மூடி வெச்சா பால் டப்பாவுக்குள்ளயே தயிராகும். மதியம் நீங்க சாப்பிடறது அப்பத்தான் உறைஞ்ச இளந்தயிர். புளிக்கறதுக்கு அதுக்கு நேரமே இல்ல.

கணக்குக்குச் சொல்றேன்: பந்திக்கு ஒரு கிலோ பச்சரிசிக்கு ரெண்டரை லிட்டர் பால், முன்னூறு மில்லி தயிர். உடனே பரிமாறணும்னா பாலைப் பாதியாக் குறைச்சு தயிரைக் கூட்டிடுவேன்.

---

லேப்கோட்டு

ஃபுட் டெக் படிக்கிறேன், ஒரு சின்ன விளக்கம். மாஸ்டர் சொல்றது சரி. சூடா இருக்கும்போது அரிசியோட மாவுச்சத்து தண்ணியை உள்ள வாங்கி உப்பி இளகி இருக்கும். ஆற ஆற அது மறுபடியும் நெருங்கி இறுகும், உள்ள இருந்த தண்ணியை வெளிய தள்ளும். முந்தாநாள் சோறு விறைக்கறது இதனாலதான். அதனால தயிர் சாதத்தைக் கலந்ததும் ஆபீஸ் போய் ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டா இறுகற வேகம் குறையும். புளிக்கவும் புளிக்காது. ரெண்டு பிரச்சனையும் ஒரே அடியில முடிஞ்சுது.

---

அடுக்களை_மாமி (மயிலாப்பூர்)

குழந்தே, பாதி சரி, பாதி தப்பு. ஃப்ரிட்ஜ்ல வெச்சா புளிக்காது, வாஸ்தவம். ஆனா இறுகறது குறையாது, ஜாஸ்திதான் ஆகும். ராத்திரி மிஞ்சின சாதத்தை வெளில வெச்சதையும் ஃப்ரிட்ஜ்ல வெச்சதையும் காலம்பற தொட்டுப் பாரு, எது கல்லு மாதிரி இருக்குன்னு.

---

லேப்கோட்டு

மாமி, புக்கைத் திரும்பப் பார்த்தேன். நீங்க சொன்னதுதான் சரி. ஃப்ரிட்ஜ் குளிர்லதான் மாவுச்சத்து சீக்கிரம் இறுகும். ரொட்டிக்கும் இதேதான். வாபஸ் வாங்கிக்கறேன்.

---

டப்பாக்காரி

மாஸ்டர் அண்ணா, நேத்து செஞ்சு பார்த்தேன். பாதி ஜெயம், பாதி தோல்வி.

அரை டம்ளர் பச்சரிசி, ரெண்டு டம்ளர் தண்ணி. சின்ன குக்கர்ல தனியா வெச்சேன். ஆவியோட மசிச்சேன், கை சுட்டுக்கிட்டேன், அது என் கிரகம். முக்கால் டம்ளர் சூடான பால், ஆவின் நீல பாக்கெட். அப்புறம் தயிர் ரெண்டு ஸ்பூன். சூடு போகாத மாதிரி இருக்கும் பாருங்க, அந்த ஹாட் பேக் டப்பாவுல அடைச்சுக் கொண்டுபோனேன்.

மதியம் திறந்தா சோறு மெத்துனு இருந்துச்சு, கட்டியே இல்ல. அது வரைக்கும் சந்தோஷம். ஆனா மேல ஒரு விரக்கடை மஞ்சத் தண்ணி, நல்ல புளிப்பு வேற. கடைசில லேசா ஒரு கசப்பு. பால் கெட்டதா இருக்குமோ?

---

பந்தி_சமையல்

பால் கெடல, டப்பாதான் கெடுத்துச்சு. தயிர் உறையறதுக்கு இதமான சூடு ஒரு மூணு நாலு மணி நேரம் போதும். ஹாட் பேக் அந்தச் சூட்டை ஆறு மணி நேரம் பிடிச்சு வெச்சிருக்கு. உறைஞ்ச பிறகும் உறை வேலை செஞ்சுகிட்டே இருந்தா புளிச்சு, உடைஞ்சு, தண்ணி விடும். மஞ்சத் தண்ணி அதுதான். சாதா எவர்சில்வர் டப்பா போதும். மெதுவா ஆறிடும், உறையறது தானா நிக்கும்.

இன்னொண்ணு, சென்னை வெயில்ல ரெண்டு ஸ்பூன் தயிரே ஜாஸ்தி. சித்திரை வைகாசில ஒரு ஸ்பூன் போதும், மார்கழில மூணு ஆகும். பச்சை பாக்கெட் பால் வாங்கிப் பாருங்க. நீலத்துல கொழுப்பு 3 சதவீதம், பச்சைல 4.5. அந்த ஒண்ணரைதான் வாயில தெரியும். நீலம்தான் இருக்குன்னா மசிக்கும்போது ஒரு ஸ்பூன் வெண்ணெய் போட்டுக்குங்க.

உப்பு எப்போ போட்டீங்க?

---

டப்பாக்காரி

பாலோடவே.

---

அடுக்களை_மாமி

ஐயையோ, உப்பு போட்டா பால் திரியும்டி. எங்காத்துல சாப்பிடறச்சே இலையிலதான் உப்பு.

---

பந்தி_சமையல்

மாமி, நல்ல பால் உப்புல திரியாது. திரிஞ்சா அந்தப் பால் ஏற்கனவே புளிப்பு ஏறின பால்னு அர்த்தம். ஆனா உப்பு ஜாஸ்தியானா உறையறது மந்தமாகும், அது நிஜம். நூறு பேருக்கு இலையில உப்பு போட்டுக் கலக்கச் சொல்ல முடியாது, அதனால நான் தயிரோட சேர்த்துப் போட்டுடறேன். இது வரைக்கும் உறையாமப் போனதில்ல.

---

பனிமனிதன் (டொராண்டோ)

எனக்கு ஒருநாளும் உறைஞ்சதே இல்லை. மார்கழி தையிலே எங்கட குசினி பதினெட்டுப் பாகையைத் தாண்டாது. காலமை பாலும் ஒரு கரண்டி தயிரும் விட்டுக் கலந்து கொண்டுபோனால் மத்தியானம் பால்சோறுதான் சாப்பிடுறன். ஒரு துளி புளிப்புமில்லை. என்ன செய்யலாம்?

---

லேப்கோட்டு

உங்களுக்கு மட்டும்தான் அந்த ஹாட் பேக் டப்பா சரி அண்ணா. டப்பாக்காரி அக்கா அவங்களுதை உங்களுக்கு பார்சல் அனுப்பலாம்.

விளையாட்டில்ல. குளிர்ல தயிர்க் கிருமிகள் ரொம்ப மெதுவாத்தான் வேலை செய்யும். ஒண்ணு டப்பா சூட்டைப் பிடிக்கணும், இல்லாட்டி பாலைக் குறைச்சு தயிரை அதிகமா போடணும். அங்க எப்படியும் சீக்கிரம் புளிக்காதே. உறையாத பால்சோத்தை மட்டும் ராத்திரி வரைக்கும் வெளிய வெச்சு சாப்பிடாதீங்க. புளிப்பு ஏறினாத்தான் மத்த கெட்ட கிருமிங்க அடங்கி இருக்கும். உறையலன்னா அந்தப் பாதுகாப்பு கிடையாது.

---

டப்பாக்காரி

கசப்பைப் பத்தி யாரும் சொல்லலையே?

---

பந்தி_சமையல்

இஞ்சியைப் பச்சையா துருவிப் போட்டீங்களா?

---

டப்பாக்காரி

ஆமா. எப்படித் தெரியும்!

---

பந்தி_சமையல்

எங்க குருநாதர் கிட்ட அடி வாங்கினது இதுக்குத்தான். காலையில கலக்கற சாதத்துல பச்சை இஞ்சி போடக் கூடாது, எண்ணெயில வதக்கித்தான் போடணும்னு சொல்லுவார். ஏன்னு சொல்ல மாட்டார். கேட்டா இன்னொரு அடி.

---

லேப்கோட்டு

இந்தத் தடவை நான் சொல்றது சரிதான், நம்பலாம் :) பச்சை இஞ்சில பால் புரதத்தை வெட்டற நொதி ஒண்ணு இருக்கு. சீனாவுல குவாங்டாங் பக்கம் சூடான பாலை இஞ்சிச் சாறுல ஊத்தியே உறைய வெப்பாங்க, உறை மோர் எதுவும் கிடையாது. அந்த நொதி பாலோட மணிக்கணக்கா கிடந்தா புரதம் துண்டு துண்டாகிக் கசப்பு வரும். எண்ணெயில நல்லா சூடு காட்டினா நொதி செத்துடும்.

---

அடுக்களை_மாமி

நான் ஐம்பது வருஷமா பச்சை இஞ்சிதான் பொடியா நறுக்கிப் போடறேன். ஒரு நாளும் கசந்ததில்லே. வதக்கினா அந்த நறுக்குனு இருக்கற வாசனையே போயிடும்.

---

பந்தி_சமையல்

நீங்க கலந்து அரை மணியில இலை போட்டுடுவீங்க மாமி. உங்க வீட்டுத் தயிர் சாதத்துக்கு மதியம்னு ஒண்ணு கிடையாது.

---

அடுக்களை_மாமி

அதுவும் சரிதான். ஆனா ஆடிப்பெருக்குக்குக் கட்டிண்டு போறச்சேயும் பச்சை இஞ்சிதான் போட்டிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் நன்னாதான் இருந்தது. ஒத்துக்க மாட்டேன்.

---

சும்மா_சுந்தர்

தாளிப்புக்கு நெய்தானே பெஸ்ட்? யாரும் சொல்லல.

---

பந்தி_சமையல்

சாம்பாருக்கு நெய், இதுக்கு நல்லெண்ணெய். ஆறின தயிர் சாதத்துல நெய் உறைஞ்சு மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டும். நல்லெண்ணெய் ஆறினாலும் எண்ணெயாவே இருக்கும்.

ரெண்டு ஸ்பூன் எண்ணெய் காய்ஞ்சதும் கடுகு. அது முழுசா வெடிச்சு ஓயணும், பாதி வெடிச்ச கடுகு கசக்கும். அடுப்பைக் குறைச்சு உளுத்தம்பருப்பு, பொன்னிறத்தைத் தாண்டி லேசா சிவக்கற வரைக்கும். அப்புறம் கிள்ளின காய்ஞ்ச மிளகாய் ஒண்ணு, பொடியா நறுக்கின பச்சை மிளகாய், இஞ்சி. இஞ்சி ஓரம் சுருங்கினதும் கருவேப்பிலை. அடுப்பை அணைச்ச பிறகு பெருங்காயத்தூள், முன்னாடி போட்டா கருகிடும்.

இதைக் கடைசியா மேல ஊத்தறது பார்க்க அழகு. மதியச் சாப்பாட்டுக்கு நான் அப்படிச் செய்யறதில்ல. சோறும் பாலும் கலந்து, தயிர் சேக்கறதுக்கு முன்னாடியே கொட்டிக் கலந்துடுவேன். பால்ல இருக்கற கொழுப்புல பெருங்காயமும் இஞ்சியும் இறங்கும். தயிர் உறையும்போது அந்த வாசனை உள்ளேயே நிக்கும். சூடான எண்ணெயைத் தயிர் மேல ஊத்தினா அந்த இடம் மட்டும் திரியும், அந்தத் தொந்தரவும் இல்ல.

---

சும்மா_சுந்தர்

பருப்பு மதியம் ஊறி நமநமன்னு போயிடுமே? எனக்குக் கடிக்கும்போது நொறுங்கணும்.

---

பந்தி_சமையல்

போகும். என்ன செஞ்சாலும் போகும். நொறுங்கணும்னா ஒரு ஸ்பூன் பருப்பை மட்டும் தனியா வறுத்துக் காகிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போங்க, சாப்பிடும்போது தூவிக்கலாம். மோர் மிளகாயும் அப்படித்தான். மாதுளை, திராட்சை போடறவங்களும் சாப்பிடும்போதே போடுங்க. வெள்ளரிக்காய் காலையிலயே போட்டா உப்புக்குத் தண்ணி விட்டுச் சாதத்தையே நீர்த்துப்போக வெச்சிடும்.

---

டப்பாக்காரி

ரெண்டாவது ரவுண்டு, இன்னிக்கு.

அரை டம்ளர் பச்சரிசி, ரெண்டு டம்ளர் தண்ணி. பருக்கையைத் தேய்ச்சுப் பார்த்தேன், முதல்ல புள்ளி இருந்துச்சு. மூடி போட்டு இன்னும் அஞ்சு நிமிஷம் வெச்சேன். மத்தால ஒரு நிமிஷம் மசிப்பு, துணி பிடிச்சுக்கிட்டு. பச்சை பாக்கெட் பால் சரியா ஒரு டம்ளர், அதாவது அரிசிக்கு ரெண்டு பங்கு. போன தடவை ஒண்ணரைப் பங்குல மெத்துனு இருந்துச்சு, ஆனா அது ஹாட் பேக் சூட்டுல. எவர்சில்வர்ல ஆறினா இறுகும்னு ஒரு பயம். தாளிப்பைப் பால்லயே கலந்தேன், இஞ்சி வதக்கினது. நாற்பது நிமிஷம் ஆற விட்டேன், அதுக்குள்ள குளிச்சு முடிச்சாச்சு. விரல் வெச்சுப் பார்த்துத் தயிர் ஒரு ஸ்பூன், உப்பு.

எவர்சில்வர் டப்பால அடைக்கும்போது இட்லி மாவு மாதிரி ஓடுச்சு. நிச்சயம் சொதப்பல்னு நினைச்சு, கேன்டீன் டோக்கனும் வாங்கி வெச்சுட்டேன்.

ஒன்றே காலுக்குத் திறந்தேன். ஸ்பூன்ல எடுத்தா ஒரு நொடி நின்னு, அப்புறம் மெதுவா நழுவி விழுந்துச்சு. தண்ணி இல்ல, கசப்பு இல்ல. புளிப்பு நுனி நாக்குல கொஞ்சமா. பக்கத்து சீட்டுப் பொண்ணு ரெண்டு ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சு. டோக்கன் வீணாப் போச்சு.

ஒரே ஒரு குறை. ஏசி காத்துல டப்பா ஓரத்துல ஒட்டினது மட்டும் கொஞ்சம் இறுகி இருந்துச்சு.

---

பந்தி_சமையல்

டப்பா பெரிசு, சோறு கம்மி. கழுத்து வரைக்கும் நிரம்பற சின்ன டப்பாவாப் பாருங்க. அடைச்ச பிறகு மேல ஒரு ஸ்பூன் பால் பரவலா ஊத்தி மூடுங்க, ஆடை மாதிரி காப்பாத்தும்.

---

பனிமனிதன்

நான் ஹாட் பேக் வாங்கிட்டன். சனிக்கிழமை செய்து பார்த்துச் சொல்றன். இங்க பச்சரிசி எண்டு சொல்லி விக்கிறது பாஸ்மதிதான், அது மசியுமோ?

---

அடுக்களை_மாமி

பாஸ்மதி வேண்டாம், நீள நீளமா நிக்கும். ஜப்பான்காரா சாப்பிடற குட்டை அரிசி கிடைச்சா வாங்குங்கோ. என் பொண்ணு நியூஜெர்சில அதுலதான் பண்றா. கொஞ்சம் ஒட்டும், பாலை ஒரு கை கூட விடணும்.

---

பந்தி_சமையல்

அந்த அரிசில நான் செஞ்சதில்ல மாமி. ஒட்டற அரிசியை மத்தால மசிச்சா பசையாகும்னு தோணுது. கரண்டியால லேசாத் தட்டினாப் போதுமான்னு உங்க பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுங்க.

---

கரிசல்காட்டான்

தங்கச்சி, மிஞ்சின அந்தப் பொன்னி புழுங்கலரிசி மூட்டையை என்ன செய்யப் போறீங்க? ராத்திரி தண்ணி ஊத்தி வெச்சுப் பாருங்களேன்.